கையின் எண்ணும் கிளைடரின் எண்ணும்

என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரே கிளைடருக்கு இரண்டு சறுக்கு விகிதங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று 4.9, மற்றொன்று 6.4. இரண்டும் ஒரே மாலையில், ஒரே கூடத்தில், வாலையோ இறக்கையையோ யாரும் தொடாமல் கிடைத்தவை. முதல் எண் நான் எறிந்து கிடைத்தது. இரண்டாவது, தங்கை மகன் எறிந்து கிடைத்தது.

சறுக்கு விகிதம் என்பது எளிமையான கணக்கு. கிளைடர் ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகிறது என்பதுதான் அது. நான் 1.6 மீட்டர் உயரத்தில் கையை வைத்துக்கொண்டு பத்து முறை எறிந்தேன். தரையைத் தொட்ட இடங்கள் 5.9 மீட்டரிலிருந்து 9.7 மீட்டர் வரை சிதறிக் கிடந்தன, சராசரி 7.9. அவன் குள்ளம், அவன் கை 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தது, சராசரி 7.7. வகுத்துப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "எனக்கு 6.4, உங்களுக்கு 4.9. நோட்டில் எதை எழுதுவது மாமா?" இரண்டையும் எழுதச் சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் அடுத்த மூன்று வாரங்களின் மாலைகள் போயின.

முதலில் கிளைடரைச் சொல்லிவிடுகிறேன். 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஃபோம் ஷீட்டில் வெட்டிய இறக்கை; நுனிக்கு நுனி 40 சென்டிமீட்டர், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 8 சென்டிமீட்டர். கிடைவால் 14 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். உடலுக்கு மெல்லிய மூங்கில் குச்சி, மூக்கில் ஓர் உருண்டை களிமண். இறக்கையின் இரு நுனிகளும் நடுப்பகுதியைவிட 2 சென்டிமீட்டர் மேலே தூக்கி ஒட்டப்பட்டவை. சற்றே சாய்ந்தாலும் தானாக நிமிர்ந்துகொள்ள இது வேண்டும். மொத்த எடை 11 கிராம். இந்த எடைக்கும் இந்தப் பரப்புக்கும் கிளைடர் நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் பறக்கும். வேகமாக நடப்பவரைவிட அதிகம், வேகமாக ஓடுபவரைவிடக் குறைவு.

இப்போது கையின் கதைக்கு வருவோம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும் பொருளிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. அதை உயரமாக மாற்றிப் பார்க்கலாம்: வேகத்தின் வர்க்கத்தை 19.6ஆல் வகுத்தால் அந்த வேகம் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று வந்துவிடும். 3 மீட்டர் வேகத்துக்கு 46 சென்டிமீட்டர். கை சற்று உற்சாகமாகி 4 மீட்டர் வேகத்தில் எறிந்தால் 82 சென்டிமீட்டர். ஆக, வேகமாக எறிபவர் கிளைடருக்கு 36 சென்டிமீட்டர் உயரத்தை யாருக்கும் தெரியாமல் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார். விகிதம் 5 என்றால், அந்த உயரம் தரையில் 1.8 மீட்டராக விரியும். அதில் கொஞ்சம் காற்றின் இழுவைக்குப் போகும் என்றாலும், மிச்சமே நான் வாலில் செய்யப்போகும் எந்த மாற்றத்தின் விளைவையும் விழுங்கப் போதுமானது. சிறுவனுக்குத் தோளில் வலு இருக்கிறது என்பதைத்தான் 6.4 சொன்னது.

முதல் தீர்வு எல்லோருக்கும் தோன்றுவதுதான்: கையை விலக்குவது. ஒரு நீளமான பலகையில் குச்சி வழுக்கிப் போக ஒரு பள்ளம், பலகையின் முன்னோரத்தில் ரப்பர் பேண்ட், பின்னால் இழுத்து மாட்ட ஓர் ஆணி. ரப்பரை எத்தனை சென்டிமீட்டர் இழுக்கிறோமோ அதுதான் வேகம். பலகையை மேல்நோக்கியோ கிடையாகவோ வைக்கக் கூடாது. 11 டிகிரி கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். விகிதம் 5 உள்ள கிளைடரின் பாதை தரையோடு ஏறக்குறைய அந்தக் கோணத்தில்தான் இருக்கும். அதே கோணத்தில், அதே வேகத்தில் விட்டால் கிளைடர் தான் காற்றில் இருந்ததைப்போலவே தொடர்ந்து போகும். வேறு எப்படி விட்டாலும் முதலில் தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும்.

அந்தச் சரிசெய்தல் எப்படி இருக்கும் என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். வேகம் கூடுதலாக விட்டால் மூக்கு மெல்ல நிமிரும், கிளைடர் மேலே ஏறும், ஏற ஏற வேகம் குறையும், உச்சியில் ஒரு கணம் தயங்குவதுபோல் இருக்கும், பிறகு மூக்கைத் தாழ்த்தி இறங்கி வேகம் எடுக்கும், மீண்டும் நிமிரும். 1908ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் இந்த அலைக்கு ஃபியூகாய்டு என்று பெயரிட்டார். பறத்தல் என்று நினைத்து அவர் எடுத்த கிரேக்கச் சொல்லுக்கு உண்மையில் தப்பி ஓடுதல் என்று பொருள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. 3 மீட்டர் வேகத்தில் பறக்கும் எதற்கும் இந்த அலையின் ஒரு சுற்று ஏறக்குறைய 1.4 நொடி, தரையில் 4 மீட்டர். என் கிளைடர் காற்றில் இருப்பதே மூன்று நொடிதான். அதாவது ஏறக்குறைய இரண்டு அலையிலேயே தரை வந்துவிடுகிறது. தரை வரும்போது கிளைடர் அலையின் முகட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு மீட்டர் கூடவோ குறையவோ விழும்.

ஏவுபலகை வந்ததும் சிதறல் நன்றாகக் குறைந்தது. பத்து ஏவல்களின் திட்ட விலக்கம் 35 சென்டிமீட்டருக்கு வந்தது. எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஓர் ஓட்டை இருந்தது. சிதறாத எண் சரியான எண் என்று ஆகிவிடாது. ஒரே அளவு தவறாக எறியும் கையும் சிதறாமல்தான் எறியும்.

ஏணியின் படியில் பலகையைப் பூட்டி, 1 மீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை ஏவினேன். சராசரித் தூரம் 5.6 மீட்டர். விகிதம் 5.6. பலகையை 2 மீட்டர் படிக்கு மாற்றி மேலும் பத்து. சராசரி 10.3. விகிதம் 5.15. ஒரே கிளைடர், ஒரே ரப்பர், ஒரே இழுப்பு. உயரம் மாறியதும் விகிதம் மாறுகிறது. கிளைடருக்குத் தான் எந்தப் படியிலிருந்து புறப்பட்டோம் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு பறத்தலிலும் ஏதோ ஒரு மாறாத தூரம் இலவசமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். குட்டையான பறத்தலில் அந்த இலவசத்தின் பங்கு பெரிது, அதனால் விகிதம் பெரிதாகத் தெரிகிறது.

இலவசம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, ஏவுபலகை கொடுத்த சற்றே கூடுதலான வேகம். மற்றொன்று தரை. இறக்கை தரையிலிருந்து தன் பாதி நீளத்துக்கும் குறைவான உயரத்துக்கு வந்தவுடன், நுனிகளில் சுழன்று மேலேறும் காற்றைத் தரை தடுக்கிறது, இழுவை குறைகிறது. என் கிளைடருக்கு அது கடைசி 20 சென்டிமீட்டர். தரைக்கு மிக அருகில் அது இறங்க மனமில்லாமல் மிதந்து போவதை வீடியோவில் நன்றாகப் பார்க்கலாம்.

இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து கழிக்க வேண்டியதில்லை. இரண்டு உயரங்களுக்கும் அவை பொது. 10.3லிருந்து 5.6ஐக் கழித்தால் 4.7 மீட்டர். உயர வித்தியாசம் சரியாக 1 மீட்டர். விகிதம் 4.7. இலவசம் கழிந்துவிட்டது. கிளைடர் தொடக்கத்தில் என்ன செய்ததோ, முடிவில் என்ன செய்ததோ, அவை இரண்டு கணக்கிலும் இருக்கின்றன. கழித்தபின் நடுவில் நிதானமாகப் பறந்த ஒரு மீட்டர் இறக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. சரிபார்க்க 1.5 மீட்டரிலும் பத்து ஏவினேன். இரண்டுக்கும் நடுவே 7.95 வர வேண்டும், 8.0 வந்தது. இது வெகுதூரம் விலகியிருந்தால் அலை இன்னும் அடங்கவில்லை, ரப்பரின் இழுப்பையோ பலகையின் சாய்வையோ திருத்த வேண்டும் என்று அறியலாம்.

5.6, 5.15, 4.7. மூன்றில் கடைசிதான் கிளைடரின் எண். மிகச் சிறியதும் அதுதான். நேர்மையான அளவுகள் பெரும்பாலும் மனத்துக்கு உவப்பாக இருப்பதில்லை.

தூரத்தை அளப்பதில் இரண்டு சிறு விஷயங்கள். கிளைடர் நின்ற இடத்தை அளக்கக் கூடாது. வழவழப்பான தரையில் அது அரை மீட்டர் வழுக்கும். முதலில் தொட்ட இடத்தைத்தான் அளக்க வேண்டும், அதற்குத் தரையோரமாக வைத்த போன் கேமரா போதும். அடுத்து, கிளைடர் நேராகப் போகாமல் ஒருபக்கம் வளைந்தால், நாடாவைக் கூடத்தின் நீளவாக்கில் பிடிக்காமல் ஏவிய புள்ளியிலிருந்து தொட்ட புள்ளிக்கே பிடிக்க வேண்டும். 9 மீட்டர் போய் ஒன்றரை மீட்டர் விலகும் வளைவுக்கு இது சரியாகவே வரும். அதற்கு மேல் விலகினால் அந்த ஏவலைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொண்டேன். எண்ணைப் பார்த்துவிட்டு விதி வகுத்தால் பிடிக்காத எண்கள் எல்லாம் விதிமீறலாகிவிடும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய கூடத்தில் காற்று அசையாது என்று நினைப்போம். நொடிக்கு 3 மீட்டர் வேகமும் விகிதம் 5ம் உள்ள கிளைடர் நொடிக்கு 60 சென்டிமீட்டர் இறங்குகிறது. வெயில் பட்ட சுவர் ஓரமாக நொடிக்கு 10 சென்டிமீட்டர் மட்டுமே காற்று மேலெழுந்தாலும் இறக்கம் 50 ஆகிவிடும், விகிதம் 6 ஆகிவிடும். 10 சென்டிமீட்டர் காற்றைத் தோல் உணராது. மின்விசிறியை நிறுத்தியபின் பத்து நிமிடம் காத்திருந்தோம். கிளைடரை எடுக்க நடந்து போய் வருபவரே காற்றைக் கலக்குகிறார் என்பதால் ஒவ்வோர் ஏவலுக்கும் முன் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்தோம். பத்து வயதுப் பையனை ஒரு நிமிடம் அசையாமல் உட்கார வைப்பதுதான் இந்தச் சோதனையிலேயே கடினமான பகுதி. பாதி ஏவல்களைக் கூடத்தின் மறுமுனையிலிருந்து எதிர்த்திசையில் செய்தோம்.

அளக்கத் தெரிந்துவிட்டது. இனி வாலைத் தொடலாம்.

கிடைவாலின் கோணத்தை டிகிரியில் அளப்பது இந்த அளவுக் கிளைடரில் நடக்காத காரியம். நான் சீட்டுக்கட்டைப் பயன்படுத்தினேன். 52 சீட்டுகளின் மொத்தக் கனம் 15.6 மில்லிமீட்டர், எனவே ஒரு சீட்டு 0.3 மில்லிமீட்டர். சீட்டிலிருந்து மெல்லிய கீற்றுகளை வெட்டி, கிடைவாலின் பின்விளிம்புக்கும் குச்சிக்கும் இடையே அண்டை கொடுத்தேன். பின்விளிம்பு உயர்ந்தால் வாலின்மேல் காற்று கீழ்நோக்கி அழுத்தும், மூக்கு நிமிரும். 5 சென்டிமீட்டர் அகலமுள்ள வாலுக்கு மூன்று சீட்டு ஏறக்குறைய ஒரு டிகிரி. ரப்பர் வளையம் ஒன்றால் வாலைக் கட்டியிருந்ததால், கீற்றுகளைச் சேர்ப்பதும் எடுப்பதும் எளிதாக இருந்தது. ஈர்ப்பு மையத்தைக் களிமண்ணால் முன்விளிம்பிலிருந்து 28 மில்லிமீட்டரில், அதாவது இறக்கை அகலத்தின் 35 விழுக்காட்டில் நிறுத்திவிட்டு, சீட்டுகளை மட்டும் மாற்றினேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்து எழுந்தது. சீட்டு மாறினால் கிளைடர் பறக்க விரும்பும் வேகமும் மாறுகிறது. முதல் நாள் ரப்பரை எல்லா அமைப்புக்கும் ஒரே அளவு இழுத்தேன், அதுதான் நியாயம் என்று நினைத்து. விளைவு, ஓர் அமைப்புக்கு மட்டும் பொருத்தமான வேகம் கிடைத்தது. மற்றவை எல்லாம் அலையடித்தன. அன்றைய பக்கத்தை முழுவதும் அடித்துவிட்டேன். மறுநாள் ஒவ்வோர் அமைப்புக்கும் முதலில் நாலைந்து முறை ஏவி, பறத்தலின் பின்பாதியில் கிளைடரின் வேகத்தை வீடியோவில் அளந்தேன். சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடு. நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில் ஒரு மீட்டரை 20 படங்களில் கடந்தால் வேகம் 3 மீட்டர். கிளைடர் சுவரை ஒட்டிப் பறக்க வேண்டும், கேமரா முடிந்தவரை தொலைவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அருகில் பறப்பது வேகமாகத் தெரியும். அந்த வேகம் வரும்படி ரப்பரின் இழுப்பைத் திருத்தியபிறகுதான் இரண்டு உயரங்களிலிருந்தும் பத்தும் பத்தும்.

2 சீட்டில் கிளைடர் நொடிக்கு 4.1 மீட்டர் வேகத்தில் மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தது, விகிதம் 3.9. 4 சீட்டில் வேகம் 3.4, விகிதம் நாம் ஏற்கெனவே பார்த்த 4.7. 6 சீட்டில் வேகம் 3.0, விகிதம் 5.2. 8 சீட்டில் வேகம் 2.8க்குக் குறைந்தது, விகிதமும் 5.0க்கு இறங்கியது. 10 சீட்டில் கதை மாறியது. மூக்கு நிமிர்ந்தது, தயங்கியது, இறக்கை ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து, மூக்குக் குத்திட்டு விழுந்தது, வேகமெடுத்து மீண்டும் நிமிர்ந்தது. விகிதம் 4.1 என்று எழுதினேன், ஆனால் அந்த எண்ணைவிட அதன் சிதறல்தான் விஷயத்தைச் சொன்னது: திட்ட விலக்கம் 35லிருந்து 80 சென்டிமீட்டருக்குத் தாவியிருந்தது. சராசரி இறங்குவதற்கு முன்பே சிதறல் ஏறுவதை 8 சீட்டிலேயே கவனித்திருக்கலாம். அங்கே அது 45.

இந்த மேடுபள்ளத்துக்குக் காரணம் இழுவை இரண்டு வகையாக இருப்பது. வேகமாகப் பறந்தால் உராய்வும் வடிவமும் தரும் இழுவை ஓங்குகிறது. மெதுவாகப் பறந்தால் இறக்கை அதிகக் கோணத்தில் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது, நுனிச் சுழல்கள் தரும் இழுவை ஓங்குகிறது. இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் வேகம் ஒன்று உண்டு. என் கிளைடருக்கு அது 3 மீட்டர். சீட்டுகள் வேறெதையும் செய்வதில்லை, அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கின்றன, அவ்வளவுதான்.

8 சீட்டு அமைப்பில் ஒரு வேடிக்கை. 6 சீட்டைவிட அது அருகிலேயே விழுந்தது, ஆனால் காற்றில் அதிக நேரம் இருந்தது. 2.8ஐ 5.0ஆல் வகுத்தால் நொடிக்கு 56 சென்டிமீட்டர் இறக்கம், 3.0ஐ 5.2ஆல் வகுத்தால் 58. தொலைதூரத்துக்கு ஒரு வேகம், நீண்ட நேரத்துக்குச் சற்றே மெதுவான இன்னொரு வேகம். தங்கை மகனுக்கு 8 சீட்டுதான் பிடித்தது. அவனைப் பொறுத்தவரை மிதப்பதுதான் பறப்பது.

இறக்கைக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லா எண்களும் வளைந்த இறக்கைக்கு உரியவை. மேசை விளிம்பில் வைத்து ஃபோமைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து வளைத்திருந்தேன். 8 சென்டிமீட்டர் அகலத்துக்கு நடுவில் 3.2 மில்லிமீட்டர் உயரம், அதாவது 4 விழுக்காடு. அதே அளவில் தட்டையான இறக்கை ஒன்றும் வெட்டினேன். வளைந்த தகடு தட்டையானதைவிடச் சிறந்தது என்பதை ஜெர்மானியக் கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியன்தால் 1889லேயே அளந்து வெளியிட்டுவிட்டார். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது என் கிளைடரில் எத்தனை என்பது.

தட்டை இறக்கையை 6 சீட்டில் வைத்து ஏவியபோது விகிதம் 3.6. வளைந்ததற்கு 5.2. வித்தியாசம் 1.6 என்று எழுதப்போனவன் நிறுத்தினேன். 6 சீட்டு வளைந்த இறக்கைக்குப் பொருத்தமானது. தட்டை இறக்கை சிறிய கோணத்திலேயே ஸ்டாலை நெருங்கிவிடும். அதற்கு அதே வாலைக் கொடுத்து ஒப்பிடுவது ஒருவர் செருப்பை மற்றொருவருக்கு மாட்டி ஓடவிடுவது போன்றது. சீட்டுகளை மாற்றிப் பார்த்ததில் தட்டை இறக்கையின் சிறந்த இடம் 4 சீட்டில் இருந்தது: வேகம் 3.4, விகிதம் 4.1. ஆக உண்மையான வித்தியாசம் 1.1. வளைவு வெல்கிறது, நன்றாகவே வெல்கிறது, ஆனால் முதலில் தெரிந்த அளவுக்கு அல்ல. இறக்கையில் எதை மாற்றினாலும் வாலை மீண்டும் தேடி, சிறந்ததைச் சிறந்ததோடு ஒப்பிட வேண்டும். வேலை மும்மடங்காகும். குறுக்குவழி எதுவும் நான் கண்டதில்லை.

1.1 வித்தியாசத்தைக் காணப் பத்து ஏவல்கள் போதும். எப்படித் தெரியும் என்றால், ஒரு சராசரியின் பிழை என்பது திட்ட விலக்கத்தை ஏவல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது: 35 சென்டிமீட்டர், 10 ஏவல், எனவே 11 சென்டிமீட்டர். இரண்டு சராசரிகளைக் கழிக்கும்போது பிழை 1.4 மடங்காகி 16 ஆகும். உயர வித்தியாசம் ஒரு மீட்டர் என்பதால் விகிதத்தின் பிழை 0.16. இப்படிப்பட்ட இரண்டு விகிதங்களை ஒப்பிட்டால் வித்தியாசத்தின் பிழை ஏறக்குறைய 0.23. அதன் இருமடங்குக்கு மேல், அதாவது அரைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் துணிந்து எழுதலாம்.

எனக்குச் சிக்கல் வந்தது ஈர்ப்பு மையத்தில். அதைப் பின்னால் நகர்த்தினால் வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டியது குறையும், இழுவையும் குறையும், விகிதம் கூடும் என்பது பலரும் சொல்வது. களிமண்ணை எடுத்து மையத்தை 4 மில்லிமீட்டர் பின்னே கொண்டுபோனேன், 35 விழுக்காட்டிலிருந்து 40க்கு. அதே 3 மீட்டர் வேகம் கிடைக்க 6 சீட்டில் மூன்றை எடுக்க வேண்டியிருந்தது. பத்தும் பத்தும் ஏவியதில் விகிதம் 5.4. முன்பு 5.2. ஏறியிருக்கிறது என்று எழுதினேன், மகிழ்ச்சியாகத்தான் எழுதினேன். பிறகு 0.23 என்ற எண் உறுத்தியது. 0.2 வித்தியாசத்தை நம்ப வேண்டுமானால் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒவ்வோர் உயரத்திலிருந்தும் 50 ஏவல்கள் வேண்டும். இரண்டு அமைப்பு, இரண்டு உயரம், மொத்தம் 200.

இரண்டு மாலைகள் ஆயின. பின்தள்ளிய அமைப்பு 5.4லேயே நின்றது. அதன்பின் களிமண்ணையும் சீட்டுகளையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து மறுபடி 50ம் 50ம் ஏவினேன். 5.2 வர வேண்டும். 4.9 வந்தது.

களிமண் சரி, சீட்டுகள் சரி, ரப்பர் புதிது. கிளைடரைப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்தேன், இறக்கை முறுக்கவில்லை. கடைசியில், வளைவைச் சரிபார்க்க வெட்டி வைத்திருந்த அட்டை அச்சை இறக்கையின்கீழ் வைத்தபோது நடுவில் ஒளி தெரிந்தது. 3.2 மில்லிமீட்டர் வளைவு 2.5 ஆகியிருந்தது. விரலால் தேய்த்து வளைத்த ஃபோம் நாள்போக்கில் தன் பழைய தட்டை வடிவத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான தரைமோதல்கள் அதை இன்னும் விரைவுபடுத்தியிருக்கின்றன. நான் இரண்டு வாரமாக ஒரே கிளைடரை அளக்கவில்லை. மெல்ல மாறிக்கொண்டே இருந்த ஒன்றை அளந்திருக்கிறேன்.

இறக்கையின் அடியில் அதே வளைவில் வெட்டிய மூன்று ஃபோம் விலாக்களை ஒட்டினேன். எடை அரை கிராமுக்கும் குறைவாகவே கூடியது. இருபது ஏவலுக்கு ஒருமுறை அட்டை அச்சை வைத்துப் பார்த்தேன், வளைவு அசையவில்லை. இம்முறை இரண்டு அமைப்புகளையும் அடுத்தடுத்துச் செய்யாமல் பத்துக்குப் பத்து மாற்றி மாற்றிச் செய்தேன், எது தேய்ந்தாலும் இரண்டுக்கும் சமமாகத் தேயட்டும் என்று. மூன்றாவது மாலை முடிவில் 35 விழுக்காட்டுக்கு 5.2, 40 விழுக்காட்டுக்கு 5.3. பிழை 0.1.

வித்தியாசம் தெரிந்தது வேறோர் இடத்தில். 35 விழுக்காட்டில் திட்ட விலக்கம் பழையபடி 35 சென்டிமீட்டர். 40ல் அது 52. மையம் பின்னே போனதும் கிளைடர் தன் வேகத்துக்குத் திரும்பும் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. ஏவும்போது நேரும் சிறு பிசகும் கடைசிவரை அதோடு போகிறது. ஏறியிருக்கிறது என்று எழுதிய வரியை நோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு திட்ட விலக்கங்களையும் எழுதினேன். களிமண் 28 மில்லிமீட்டருக்கே திரும்பிப் போய்விட்டது.